05/06 என்று எழுதினால் ஜூன் மாதமா, மே மாதமா?

"எங்கள் குழுவில் அமெரிக்கா, ஜெர்மனி, சிங்கப்பூர் என்று பல நாடுகளில் இருந்து வேலை செய்கிறார்கள். ஜூன் 5 கூட்டத்துக்கு 05/06/2026 என்று மின்னஞ்சலில் எழுதினேன். நியூயார்க்கில் இருப்பவர் அதை மே 6 என்று குறித்துக்கொண்டார். வருவோர் பட்டியலை அவருக்கு அனுப்பினேன். எக்செல்லில் திறந்தபோது அதிலும் தேதிகள் மாறிவிட்டன. யார் படித்தாலும் ஒரே மாதிரி புரியும்படி தேதியும் நேரமும் எழுத என்ன வழி?"

மனிதர் படிக்கும் இடத்தில் மாதத்தை எண்ணால் எழுதாதீர்கள், பெயரால் எழுதுங்கள். கணினி படிக்கும் இடத்தில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள். உங்களுக்கு வேண்டியதில் பெரும்பகுதி இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும். எங்கே எது, ஏன் என்று தெரிந்துவிட்டால் பிறகு யோசிக்காமலே கை எழுதும்.

அமெரிக்காவில் மாதம் முதலில் வரும். பிரிட்டன், ஜெர்மனி, சிங்கப்பூர் போன்ற பெரும்பாலான நாடுகளில் நாள் முதலில் வரும். ஜப்பான், சீனா, கொரியாவில் ஆண்டு முதலில் வரும். கனடாவில் ஒரே ஊரிலேயே இரண்டு மூன்று வழக்கங்கள் புழங்குகின்றன. நாள் 12-க்கு மேல் போய்விட்டால் குழப்பமில்லை. 19/06 என்றால் 19-வது மாதம் என்று ஒன்று இல்லாததால் யாரும் சரியாகப் படித்துவிடுவார்கள். ஒவ்வொரு மாதத்தின் முதல் 12 நாட்களில்தான் சிக்கல். அதிலும் 06/06 போல நாளும் மாதமும் ஒரே எண்ணாக இருந்தால் தப்பித்தோம். மீதி 11 நாட்கள், 12 மாதத்துக்கு 132 நாட்கள். ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான நாட்களை இரண்டு விதமாகப் படிக்கலாம். படிப்பவருக்குத் தான் தவறாகப் படித்தது தெரியவே தெரியாது என்பதுதான் இதில் மோசமான விஷயம். மே 6 என்பதும் ஒழுங்கான தேதிதானே.

சாய்வுக்கோட்டுக்குப் பதில் சிறுகோடோ புள்ளியோ போட்டால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆகாது. 05.06.2026 என்றால் ஜெர்மன்காரர் சரியாகப் படிப்பார், அது அவருடைய வழக்கம். அமெரிக்கருக்கு அது இன்னும் மே 6 ஆகவே தெரியலாம். ஆண்டை இரண்டு இலக்கமாகச் சுருக்குவதையும் விட்டுவிடுங்கள். 05-06-07 என்று எழுதினால் எது ஆண்டு என்பதே தெரியாமல் போகும்.

மின்னஞ்சலில் இப்படி எழுதலாம்:

```
Friday, 5 June 2026
21:00 Singapore time, UTC+08:00
(New York 09:00, Berlin 15:00)
```

இதில் கிழமையை அலங்காரத்துக்காகச் சேர்க்கவில்லை. அது ஒரு சரிபார்ப்பு. 2026 ஜூன் 5 வெள்ளிக்கிழமை, மே 6 புதன்கிழமை. நீங்களே தேதியைத் தப்பாகத் தட்டியிருந்தாலும் கிழமை பொருந்தாமல் போகும், படிப்பவர் திருப்பிக் கேட்பார். அதனால் கிழமையை நினைவிலிருந்து எழுதாமல் நாட்காட்டியைப் பார்த்து எழுதுங்கள். நாள் முன்னால் வருகிறதா, மாதம் முன்னால் வருகிறதா என்பது இங்கே ஒரு பொருட்டே இல்லை. June 5, 2026 என்றாலும் புரியும். அப்புறம், "அடுத்த வெள்ளி" என்று மட்டும் எழுத வேண்டாம். வரப்போகிற வெள்ளியா, அதற்கு அடுத்ததா என்று ஒரே ஊர்க்காரர்களே ஒத்துப்போவதில்லை.

கோப்பின் பெயர், அட்டவணை, பதிவேடு என்று கணினி கையாளும் இடங்களுக்கு 2026-06-05 என்ற வடிவம். இது ஐ.எஸ்.ஓ. 8601 என்ற சர்வதேசத் தரம், 1988-இல் வந்தது. நான்கு இலக்க ஆண்டு முதலில் நின்றால் அடுத்து வருவது மாதம்தான். ஆண்டு, நாள், மாதம் என்ற வரிசையில் எழுதும் பழக்கம் நடைமுறையில் இல்லை. இன்னொரு வசதியும் உண்டு. கோப்புகளைப் பெயர் வரிசைப்படி அடுக்கினாலே கால வரிசையும் வந்துவிடும். ஒற்றை இலக்கத்துக்கு முன்னால் பூஜ்யத்தை மறந்துவிட்டால் மட்டும் அந்த வரிசை குலையும்.

இனி எக்செல். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இங்கே தப்பாகப் படிப்பது மனிதர் இல்லை, மென்பொருள்; அது யாரையும் கேட்பதில்லை. உங்கள் பட்டியல் சி.எஸ்.வி. கோப்பாகப் போனது என்றும், அதில் 05/06/2026, 08/06/2026, 12/06/2026, 19/06/2026 என்று நான்கு தேதிகள் இருந்தன என்றும் வைத்துக்கொள்வோம். நான்கும் ஜூன் மாதம். அமெரிக்க அமைப்பில் இருக்கும் கணினியில் கோப்பை இருமுறை சொடுக்கித் திறந்தால் முதல் மூன்றும் மே 6, ஆகஸ்ட் 6, டிசம்பர் 6 ஆகிவிடும். நான்காவதைத் தேதியாகவே அதனால் எடுத்துக்கொள்ள முடியாது, வெறும் எழுத்தாக விட்டுவிடும்.

கண்டுபிடிப்பது சுலபம். தேதியாக ஏற்றவை கட்டத்தில் வலப்பக்கம் ஒட்டியிருக்கும், எழுத்தாக நின்றவை இடப்பக்கம் ஒட்டியிருக்கும். ஒரே பத்தியில் சில இடமும் சில வலமுமாக இருந்தால் உடனே சந்தேகப்படுங்கள். உறுதி செய்ய, அந்தப் பத்தி முழுவதற்கும் Format Cells போய் Custom என்பதில் yyyy-mm-dd கொடுத்துப் பாருங்கள். நமது பட்டியல் இப்படித் தெரியும்:

```
2026-05-06
2026-08-06
2026-12-06
19/06/2026
```

ஒரே மாதத்துப் பட்டியல் ஆண்டு முழுக்கச் சிதறிக் கிடக்கிறது, நாள் எல்லாம் 06 என்றே நிற்கிறது. இதுதான் அடையாளம். தேதிகள் அத்தனையும் 12-க்குள் இருந்தால் இடம் வலம் என்ற துப்பு கிடைக்காது; அப்போது இந்தச் சிதறல் ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும்.

இந்த நிலையில் பலர் கட்டத்தின் வடிவத்தை மாற்றிச் சரிசெய்யப் பார்ப்பார்கள். அதனால் பயனில்லை. எக்செல் தேதியை உள்ளே ஓர் எண்ணாக வைத்திருக்கிறது. ஜூன் 5 என்பது 46178, மே 6 என்பது 46148. திறந்த நொடியிலேயே தப்பான எண் உட்கார்ந்துவிட்டது. வடிவத்தை மாற்றினால் அதே தப்பு வேறு உடையில் தெரியும், அவ்வளவுதான். சரியான வழி, மூலக் கோப்பை மறுபடி எடுப்பது. வெற்றுத் தாளில் Data, அதில் From Text/CSV, பிறகு Transform Data போங்கள். தேதிப் பத்தியின் தலைப்பில் வலச்சொடுக்கு செய்து Change Type, Using Locale தேர்ந்து, வகை Date என்றும் மொழி English (United Kingdom) என்றும் கொடுங்கள். பழைய மாற்றத்தை நீக்கவா என்று கேட்டால் Replace current என்பதைச் சொடுக்குங்கள்.

மூலக் கோப்பு கையில் இல்லையா? பக்கத்துப் பத்தியில் இந்தச் சூத்திரத்தைப் போடலாம்:

```
=IF(ISTEXT(A2),
 DATE(RIGHT(A2,4),MID(A2,4,2),LEFT(A2,2)),
 DATE(YEAR(A2),DAY(A2),MONTH(A2)))
```

எழுத்தாக நின்றதை நாள், மாதம், ஆண்டு என்று பிரித்துத் தேதியாக்கும். இடம் மாறியதைத் திருப்பிப் போடும். பத்தி முழுவதும் ஒரே மாதிரி கெட்டிருந்தால்தான் இது உதவும். யாராவது நடுவில் சில வரிகளைக் கையால் திருத்தியிருந்தால், சரியானதையும் இது கெடுத்துவிடும். ஆகவே முதலில் யாராவது தொட்டார்களா என்று கேட்டுவிடுங்கள்.

அனுப்பும்போதே சி.எஸ்.வி. கோப்பில் 2026-06-05 என்று போயிருந்தால் இத்தனை பாடு தேவைப்பட்டிருக்காது. எந்த நாட்டு அமைப்பிலும் எக்செல் அதைச் சரியாகவே படிக்கும். அது திரையில் அந்த நாட்டு வழக்கப்படி மாறித் தெரியலாம், உள்ளே இருக்கும் தேதி மாறாது. கூகுள் ஷீட்ஸ் பயன்படுத்தினால் File, Settings போய் Locale என்னவென்று பாருங்கள். அந்த அமைப்பு கோப்புக்கு உரியது, பார்ப்பவருக்கு உரியது இல்லை. அது அமெரிக்கா என்று இருந்தால், லண்டனில் இருந்து ஒருவர் 05/06 என்று தட்டினாலும் மே 6 என்றே பதிவாகும்.

நேரத்துக்கு வருவோம். 24 மணி முறையில் எழுதினால் காலையா மாலையா என்ற கேள்வி எழாது. 12 am, 12 pm இரண்டையும் அடியோடு விட்டுவிடுவது நல்லது. கடைசி நேரம் "ஜூன் 10 நள்ளிரவு" என்று எழுதினால் சிலர் 9-ஆம் தேதி முடியும் நேரத்தையும், சிலர் 10-ஆம் தேதி முடியும் நேரத்தையும் எண்ணிக்கொள்வார்கள். 10 June, 23:59 என்று போட்டுவிட்டால் பேச்சே இல்லை.

நேர மண்டலத்துக்குச் சுருக்கெழுத்து வேண்டாம். IST என்பது இந்திய நேரத்துக்கும், இஸ்ரேல் நேரத்துக்கும், அயர்லாந்தின் கோடை நேரத்துக்கும் பொது. CST அமெரிக்காவின் நடுப்பகுதி நேரமாகவும் இருக்கலாம், சீன நேரமாகவும் இருக்கலாம். EST இன்னும் வம்பு. ஜூன் மாதம் நியூயார்க் கோடை நேரத்தில் இருக்கும், அதன் பெயர் EDT. பழக்கத்தில் 09:00 EST என்று எழுதிவிட்டால், அதை அப்படியே கணக்கிடுபவருக்கு நியூயார்க் கடிகாரத்தில் மணி 10 ஆகிவிடும். ஊர்ப் பெயரையும் UTC-யிலிருந்து உள்ள வித்தியாசத்தையும் சேர்த்து எழுதுங்கள், மேலே மாதிரியில் உள்ளபடி.

வாராவாரம் நடக்கும் கூட்டமென்றால் எந்த ஊர்க் கடிகாரம் நிலையானது என்றும் ஒரு வரி எழுத வேண்டும். சிங்கப்பூரில் கோடை நேரம் கிடையாது. 2026-இல் அமெரிக்கா மார்ச் 8 அன்றும், ஐரோப்பா மார்ச் 29 அன்றும் கடிகாரத்தை முன்னால் தள்ளுகின்றன. சிங்கப்பூர் 21:00 என்று வைத்தால் மார்ச் தொடக்கத்தில் நியூயார்க்கில் 08:00, பெர்லினில் 14:00. மார்ச் 8-இலிருந்து நியூயார்க்கில் 09:00 ஆகும், பெர்லினில் மாற்றம் இல்லை. மார்ச் 29-இலிருந்துதான் பெர்லினில் 15:00. அந்த மூன்று வாரமும் நியூயார்க்குக்கும் பெர்லினுக்கும் இடையே வழக்கமான 6 மணி இல்லை, 5 மணிதான் வித்தியாசம். அக்டோபர் 25-இலிருந்து நவம்பர் 1 வரையும் இதே கதை. அந்த வாரங்களுக்கு முன்னால் ஊர்வாரியான நேரங்களைப் புதிதாகக் கணக்கிட்டு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பழைய அறிவிப்பில் இருக்கும் நேரத்தை நகலெடுக்க வேண்டாம்.