ஜிடிஏ 6 தள்ளிப்போச்சாம்: அந்தப் படத்தை நம்பலாமா?

கேள்வி: "நவம்பர் 19-க்கு ஜிடிஏ 6 கேம் வருதுன்னு ஆபீஸ்ல ஒரு வாரம் லீவு சொல்லி வச்சிருக்கேன். பிஎஸ்5 வாங்க மாசாமாசம் பணமும் சேர்த்துட்டு வர்றேன். நேத்து டெலிகிராம் குரூப்ல ஒரு படம் வந்துச்சு. கேமைச் செய்யற ராக்ஸ்டார் கம்பெனியோட லோகோ, அதே எழுத்து, 'செவ்வாய், பிப்ரவரி 25, 2027-க்குத் தள்ளி வைக்கிறோம்'னு இங்கிலீஷ்ல அறிவிப்பு. அதை எக்ஸ்ல போட்ட அக்கவுன்ட்ல ப்ளூ டிக்கும் இருக்கு. லீவை கேன்சல் பண்ணிடலாமா சார்? இந்த மாதிரி வர்றதுல எது உண்மை, எது டூப்புன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

படம் டூப்பு. லீவு அப்படியே இருக்கட்டும்.

போனில் இருக்கும் காலண்டரைத் திறந்து 2027 பிப்ரவரிக்குப் போங்கள். 25-ஆம் தேதி வியாழக்கிழமை. ராக்ஸ்டார் இதற்கு முன் சொன்ன தேதிகளில் இந்தத் தவறு இல்லை. முதலில் சொன்ன மே 26, 2026 செவ்வாய்தான், இப்போதைய நவம்பர் 19, 2026 வியாழன்தான். உங்கள் படத்தைச் செய்தவர் பழைய மே மாத அறிவிப்பை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றிவிட்டு, கிழமையை மறந்துவிட்டார் என்பது என் ஊகம். ஆனால் இது நமக்கு அடித்த அதிர்ஷ்டம். அடுத்த ஆள் காலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் செய்வார். அதனால் படத்தை உற்று உற்றுப் பார்ப்பதை ஒரு வழியாகவே வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஏன் என்று நீங்களே செய்து பாருங்கள். கம்ப்யூட்டரில் ராக்ஸ்டாரின் செய்திப் பக்கத்தைத் திறந்து, F12 அழுத்தி, Console பகுதியில் இந்த ஒரு வரியைத் தட்டுங்கள்:

```
document.designMode = "on"
```

இனி அந்தப் பக்கத்தில் எந்த எழுத்தின் மேல் கிளிக் செய்தாலும் வேர்டு ஃபைல் போல அழித்து எழுதலாம். நவம்பரை பிப்ரவரி ஆக்கி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். எழுத்துரு, லோகோ, இடைவெளி, மேலே முகவரி எல்லாம் அசல், ஏனென்றால் பக்கமே அசல்தான். பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்தால் பழையபடி ஆகிவிடும், ஆனால் ஸ்கிரீன்ஷாட் உங்கள் கையில் இருக்கும். மொத்தமும் ஒரு நிமிட வேலை, ஃபோட்டோஷாப் கூடத் தெரிந்திருக்க வேண்டாம். "எழுத்து அச்சு அசலா இருக்கே" என்று யாராவது சொன்னால், எனக்கு அது ஒரு சாட்சியாகவே படுவதில்லை.

ப்ளூ டிக்கும் அப்படித்தான். எக்ஸ் தளத்தில் இப்போது அது மாதச் சந்தா கட்டியவருக்குக் கிடைக்கும் அடையாளம். 2022 நவம்பரில் இந்தக் கட்டண டிக் வந்தபோதே, வால்வ் என்ற கேம் நிறுவனத்தின் பெயரில் ஒரு கணக்கு புதிய கேம் ஒன்றை 'அறிவித்தது'. கணக்கின் பெயரில் software என்று இருக்க வேண்டிய இடத்தில் sotfware என்று இருந்தது. வேகமாகப் படித்தால் கண் தானாகத் திருத்திக்கொள்ளும். m இருக்க வேண்டிய இடத்தில் r, n இரண்டையும் ஒட்டிப் போடுவது இன்னொரு வித்தை, போன் திரையில் வித்தியாசமே தெரியாது. அதனால் படத்தில் இருக்கும் பெயரைப் படிக்காதீர்கள். @RockstarGames என்று நீங்களே தட்டி அந்தப் பக்கத்துக்குப் போய், அந்தப் பதிவு அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அறிவிப்பு என்ற பெயரில் வந்த படத்தின் கதை அங்கேயே முடிந்தது.

சரி, "இது அறிவிப்பு இல்லை, உள்ளேயிருந்து கசிந்த மெயில்" என்று சொன்னால்? அப்போது அதிகாரப்பூர்வப் பக்கத்தில் இல்லாதது ஒரு குறையாகத் தெரியாது. இங்கேதான் படத்தை விட்டுவிட்டு வேறு மாதிரி யோசிக்க வேண்டும்: இது உண்மையாக இருந்தால், வேறு எங்கெல்லாம் அதன் சுவடு தெரிந்தாக வேண்டும்?

ஜிடிஏ விஷயத்தில் இதற்கு நல்ல பதில் இருக்கிறது. ராக்ஸ்டாரின் தாய் நிறுவனம் டேக்-டூ, அமெரிக்கப் பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனி. இவ்வளவு பெரிய விளையாட்டின் தேதி அவர்களுடைய வருமானக் கணக்கையே மாற்றிவிடும், ஆகவே முதலீட்டாளர்களுக்கு முறைப்படி சொல்லியாக வேண்டும். இதுவரை நடந்ததைப் பாருங்கள். 2025 மே 2-ஆம் தேதி மே 26, 2026-க்குத் தள்ளினார்கள். அந்தக் காலாண்டு முடிவுகள் வந்தது மே 15. அப்புறம் நவம்பர் 19, 2026-க்குத் தள்ளியதைச் சொன்னது 2025 நவம்பர் 6, காலாண்டு முடிவுகள் வந்த அதே நாள். இரண்டு முறையும் ராக்ஸ்டாரின் பக்கம், டேக்-டூவின் அறிக்கை இரண்டிலும் செய்தி வந்தது, பங்கு விலையும் இறங்கியது.

இதிலிருந்து உங்களுக்குக் கிடைப்பது மிக எளிமையான ஒரு சோதனை. தள்ளிப்போனதாகப் படம் வந்தால் TTWO என்று தேடிப் பங்கு விலையைப் பாருங்கள். கோடிக்கணக்கில் பணம் போட்டவர்கள் அசையாமல் இருக்கிறார்கள், உங்கள் டெலிகிராம் குரூப்புக்கு மட்டும் விஷயம் தெரிந்திருக்கிறது என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். சனி, ஞாயிறு சந்தை மூடியிருக்கும், அன்றைக்கு இது உதவாது. வார நாட்களிலும் நமக்கு இரவு வந்தபிறகுதான் அங்கே வியாபாரம் சூடு பிடிக்கும், அதனால் காலையில் வந்த படத்துக்கு இரவு வரை பொறுத்திருங்கள். டேக்-டூ முடிவுகளை வெளியிடுவது பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களில். அந்த நாட்களை ஒட்டி வரும் வதந்தியை மட்டும் நான் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பேன், ஏனென்றால் நிஜமான செய்தியும் அப்போதுதான் வரும். வதந்தி பரப்புகிறவர்களுக்கும் இது தெரியும் என்பது வேறு விஷயம்.

"ரெண்டு இடத்துல வந்துருக்கு, அப்ப உண்மைதானே" என்பது அடுத்த பொறி. இதில் நானே விழுந்திருக்கிறேன். 2016 மார்ச்சில் நின்டெண்டோவின் அடுத்த கேம் கருவியின் கன்ட்ரோலர் என்று ஒரு புகைப்படம் வந்தது. முட்டை வடிவத்தில், முகப்பு முழுக்கத் திரையாக இருந்தது. எனக்குச் சந்தேகம்தான். ஆனால் சில நாட்களில் வேறொருவர், வேறு கோணத்தில், வேறு மேஜையில் அதே வடிவத்தைப் படம் எடுத்துப் போட்டார். போதாததற்கு நின்டெண்டோவின் பெயரில் அதே போன்ற வரைபடத்தோடு ஒரு காப்புரிமை விண்ணப்பமும் ஏற்கெனவே இருந்தது. மூன்று சாட்சி! நண்பர்கள் பத்துப் பேருக்காவது அனுப்பியிருப்பேன். அந்த வருடமே வாங்கவிருந்த அவர்களுடைய பழைய கருவி வீ யூ வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

இரண்டுமே போலி. முதல் படத்தை ஒருவர் செய்தார். இரண்டாமவர் அதைப் பார்த்து, முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் பாகங்களை அச்சிட்டு நிஜமாகவே ஒரு பொம்மையைச் செய்துவிட்டார், எப்படிச் செய்தேன் என்று வீடியோவும் போட்டார். காப்புரிமை மட்டும் அசல். ஆனால் அது சாட்சி இல்லை, அச்சு. போலி அதைப் பார்த்துத்தான் வார்க்கப்பட்டது, அதனால் பொருந்தாமல் எப்படி இருக்கும்? அக்டோபரில் ஸ்விட்ச் என்ற நிஜக் கருவியை அறிவித்தபோது அதற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அன்றிலிருந்து "இரண்டு இடத்தில்" என்று யாராவது சொன்னால், இரண்டாவது ஆள் முதல் படத்தைப் பார்ப்பதற்கு முன்பே சொன்னாரா என்று மட்டும் கேட்கிறேன். பெரும்பாலும் பத்து யூடியூப் சேனல்கள் ஒரே படத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்.

இன்னொரு குழப்பமும் உண்டு: பொய்க் கசிவில் சில உண்மைகள் பலித்துவிடும். 2018 அக்டோபரில் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட் விளையாட்டின் முழுக் கதாபாத்திரப் பட்டியல் என்று ஒரு விளம்பரப் பதாகையின் படம் வந்தது. ஓரத்தில் கிரின்ச் படத்தின் விளம்பரமும் தெரிந்ததால் அதற்கு அந்தப் பெயரே வைத்துவிட்டார்கள். நவம்பர் 1-ஆம் தேதி நின்டெண்டோ மீதிப் பெயர்களைச் சொன்னபோது பட்டியல் பொய் என்று ஆனது. ஆனால் அதில் இருந்த கென் அன்றே வந்தார், பான்ஜோ-கஸூயி அடுத்த வருடம் வந்தது. எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கும் பெயர்களை எழுதினால் ஒன்றிரண்டு பலிக்கத்தான் செய்யும். "இவர் போன தடவை சரியா சொன்னார்" என்று ஒரு கணக்கைக் காட்டினால், சரியாகச் சொன்னதை விட்டுவிட்டுத் தவறாகச் சொன்ன பதிவுகள் இன்னும் அங்கே இருக்கின்றனவா என்று கீழே உருட்டிப் பாருங்கள். ஒன்றுகூட இல்லையென்றால் அவர் ஞானி இல்லை, அழித்துவிட்டார். தன் பெயரைப் போட்டு எழுதும் பத்திரிகையாளருக்கு அந்த வசதி கிடையாது. ப்ளூம்பெர்க்கில் ஜேசன் ஷ்ரயர் 2022 ஜூலையிலேயே ஜிடிஏ 6-ல் ஒரு பெண் நாயகி இருப்பார் என்று எழுதினார். 2023 டிசம்பர் டிரெய்லரில் லூசியா வந்தார்.

நிஜக் கசிவு எப்படி இருக்கும் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். 2022 செப்டம்பர் 18-ஆம் தேதி ஜிடிஏ 6-இன் சுமார் 90 வீடியோக்கள் வெளியே வந்தன. பளபளப்பே இல்லை, அரைகுறைக் காட்சிகள், திரை முழுக்கச் சோதனைக்கான எண்கள். யூடியூபில் ஒவ்வொன்றாக டேக்-டூவின் பெயரைச் சொல்லியே எடுக்கப்பட்டன, மறுநாளே ராக்ஸ்டார் ஒப்புக்கொண்டது. காணாமல்போன வீடியோவில் உரிமையாளரின் பெயரோடு பதிப்புரிமைக் குறிப்பு இருந்தால் அதற்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு. "கம்பெனி மிரட்டியதால் அழித்துவிட்டேன்" என்று போட்டவரே சொன்னால் மதிப்பு இல்லை.

இப்போது உங்கள் லீவு. படம் பொய் என்பதால் நவம்பர் 19 கல்வெட்டு என்று ஆகிவிடாது. ராக்ஸ்டார் ஏற்கெனவே இரண்டு முறை தள்ளியிருக்கிறது. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-உம் இரண்டு முறை தள்ளிப்போய்த்தான் 2018 அக்டோபர் 26-ல் வந்தது. அதனால் லீவைச் சொல்லி வையுங்கள், ஆனால் ஆகஸ்டில் டேக்-டூ முடிவுகள் வரும்வரை மாற்ற முடியாதபடி எதையும் உறுதி செய்யாதீர்கள். பிஎஸ்5 பணம் சேர்ந்துகொண்டே இருக்கட்டும், தேதி எதுவானாலும் அது வீணாகாது. அதே டெலிகிராம் குரூப்பில் "முன்கூட்டியே விளையாடலாம்" என்று ஏதாவது லிங்க் வந்தால் மட்டும் தொடாதீர்கள். இந்த விளையாட்டு அறிவிக்கப்பட்டிருப்பது பிஎஸ்5-க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் கருவிகளுக்கும்தான். போனில் ஏற்றச் சொல்லி வரும் ஃபைலுக்குள் என்ன இருந்தாலும் ஜிடிஏ 6 இருக்காது.