பாலிக்குப் போகிற விமானத்தை எரிமலைச் சாம்பல் எப்படி நிறுத்துகிறது?

கேள்வி: ஐயா, நான் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை ஆலையில் பாய்லர் பகுதியில் வேலை செய்கிறேன். 2025 ஜூலையில் குடும்பத்தோடு பாலி போக டிக்கெட் எடுத்திருந்தோம். புளோரஸ் தீவில் எரிமலை வெடித்ததென்று விமானத்தை ரத்து செய்துவிட்டார்கள். பாலியில் இருந்த நண்பர், வானம் பளிச்சென்று இருக்கிறதே என்று படம் அனுப்பினார். நம் ஊரில் புகைமூட்டம் கண்ணை மறைக்கிற நாளிலும் விமானம் பறக்கிறது. சாம்பலுக்கு மட்டும் ஏன் இந்தப் பயம்? மேலே ஏறியோ சுற்றியோ போகக் கூடாதா? அடுத்த பள்ளி விடுமுறைக்கு மறுபடி டிக்கெட் எடுக்கலாமா?

பதில்: பாய்லர் வேலை என்கிறீர்கள், அப்படியானால் பாதி விஷயம் உங்கள் கையிலேயே இருக்கிறது. எரிபொருளில் நார் குறைந்து ஓடு கூடிப்போனால், சாம்பல் தூளாக விழாமல் உருகித் தட்டில் பாறை மாதிரி ஒட்டிக்கொள்ளும். அந்தக் கிளிங்கரைக் குத்தி உடைத்து வெளியே இழுக்காவிட்டால் காற்று ஏறாது, நெருப்பு மந்தமாகிவிடும். ஜெட் இஞ்சினுக்குள் எரிமலைச் சாம்பல் செய்கிற வேலையும் ஏறக்குறைய இதுதான். என்ன, அங்கே கம்பியோடு போய் நிற்க ஆள் கிடையாது.

முதலில் புகைமூட்டத்தை ஒதுக்கிவிடுவோம். காடும் கரிமண்ணும் எரிந்து வரும் புகையில் இருப்பது பெரும்பாலும் கரித்துகள். இஞ்சினுக்குள் போனால் அதுவும் சேர்ந்து எரிந்துவிடும். புகைமூட்டத்தில் விமானிக்கு உள்ள சிக்கல், ஓடுபாதை கண்ணுக்குத் தெரிகிறதா இல்லையா என்பதுதான். எரிமலைச் சாம்பல் அப்படியல்ல. அது எரிந்து மிஞ்சிய பொருளே இல்லை. வெடிப்பில் நொறுங்கிய பாறைத் தூளும், நெருப்புக் குழம்பு சட்டென்று குளிர்ந்து உண்டான கண்ணாடித் துகளும் கலந்தது. பெரும்பகுதி சிலிகா. எரியாது, ஆனால் உருகும்.

எத்தனை டிகிரியில் உருகும் என்பதில்தான் வினையே இருக்கிறது. சுமார் 1,100 டிகிரி செல்சியஸில் அந்தத் துகள்கள் உருகிப் பிசுபிசுப்பாகிவிடும். உயரத்தில் பறக்கும் ஜெட் இஞ்சினின் எரியறை 1,400 டிகிரியைத் தாண்டும். முன்னால் உறிஞ்சிய சாம்பல், கம்ப்ரஸரின் தகடுகளைத் தேய்த்துக்கொண்டே எரியறைக்கு வந்து உருகுகிறது. அதை அடுத்து, சூடான காற்றைத் திருப்பி டர்பைன் மேல் விடுவதற்காக, சுழலாத தகடுகள் ஒரு வரிசை வட்டமாக நிற்கும். அவற்றுக்கு இடையில் உள்ள சந்து குறுகலானது. தகடுகள் வெந்துபோகாமல் இருக்க, அவற்றின் உடம்பிலேயே குளிர்காற்று வெளிவரும் ஊசித் துளைகளும் உண்டு. உருகிய கண்ணாடி போய் ஒட்டுவது இந்தத் தகடுகளில்தான். துளைகள் அடைபட்டால் தகடு சூடேறும், ஆனால் அது பிறகு வரும் கதை. உடனடி ஆபத்து, சந்து அடைவதால் வருவது. காற்று முன்னால் போக வழியின்றி அழுத்தம் பின்னோக்கி ஏறும். கம்ப்ரஸர் தாங்காமல் திணறும், படார் படாரென்று வெடிச்சத்தம் வரும், கடைசியில் எரியறை அணைந்துவிடும்.

இது ஏட்டளவில் உள்ள பயமில்லை. உலகமே இந்தப் பாடத்தைப் படித்தது நம் சுபாங்கிலிருந்து கிளம்பிய ஒரு விமானத்தால்தான். 1982 ஜூன் 24 இரவு, லண்டனிலிருந்து ஆக்லாந்து போகும் பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 கோலாலம்பூரில் நின்றுவிட்டுப் பெர்த்துக்குப் புறப்பட்டது. 248 பயணிகள், 15 பணியாளர்கள். ஜாவாவுக்குத் தெற்கே 37,000 அடியில் போய்க்கொண்டிருந்தபோது முன்கண்ணாடியில் நீலப் பொறிகள் ஓடின. சாம்பல் துகள்கள் உரசுவதால் உண்டாகும் மின்சாரம் அது. அறைக்குள் கந்தக நெடியோடு புகை வந்தது. ராடாரில் ஒன்றுமே இல்லை, ஏனென்றால் விமானத்தின் ராடார் மழைத் துளிகளைக் காண்பதற்காக உள்ளது. உலர்ந்த பொடி அதற்குத் தெரியாது. மேற்கு ஜாவாவின் கலுங்குங் எரிமலை அன்று வெடித்திருந்த செய்தி விமானிகளுக்குப் போய்ச் சேரவில்லை.

முதலில் நான்காம் இஞ்சின் அணைந்தது. இரண்டு நிமிடங்களுக்குள் மற்ற மூன்றும் அணைந்தன. கேப்டன் எரிக் மூடியின் கையில் அப்போது இருந்தது இஞ்சின் இல்லாத ஒரு பெரிய சறுக்கு விமானம்தான். பறந்த உயரத்தைப் போல ஏறக்குறைய 15 மடங்கு தூரம் அது சறுக்கிப் போகும், அவ்வளவுதான். திரும்பத் திரும்ப இஞ்சினை மூட்டிப் பார்த்தார்கள். சுமார் 13,500 அடிக்கு இறங்கியபோது நான்காம் இஞ்சின் பிடித்துக்கொண்டது, பிறகு மற்றவையும் ஒவ்வொன்றாக வந்தன. சாம்பல் மேகத்துக்குக் கீழே வந்துவிட்டார்கள் என்பது ஒரு காரணம். இன்னொன்று உங்களுக்குப் புரியும்: இஞ்சின் அணைந்து ஆறியதும், தகடுகளில் ஒட்டியிருந்த கண்ணாடி இறுகி விரிசல் விட்டு உதிர்ந்தது. காற்றுக்கு வழி கிடைத்தது.

சற்று மேலே ஏறிப் பார்த்தபோது மறுபடி அதே நீலப் பொறிகள். ஓர் இஞ்சின் திணறத் தொடங்கியது, அதை அணைத்துவிட்டு மூன்று இஞ்சினோடு ஜகார்த்தாவில் இறங்கினார்கள். முன்கண்ணாடி உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல மங்கிப்போயிருந்ததால், ஓரத்தில் மிஞ்சிய சிறு பகுதி வழியாகத்தான் ஓடுபாதையைப் பார்க்க முடிந்தது. ஒருவருக்கும் காயமில்லை. மூன்று வாரத்துக்குள் இன்னொரு 747 அதே எரிமலையின் சாம்பலில் மாட்டி, மூன்று இஞ்சின்களை நிறுத்த வேண்டியதாயிற்று.

இன்றைக்கு விமானிகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை இந்த அனுபவத்திலிருந்து வந்தது. சாம்பலில் புகுந்துவிட்டால் இஞ்சினின் வேகத்தைக் குறை, வந்த வழியே திரும்பு, மேலே ஏறாதே. ஏறுவதற்கு முழு விசை கொடுத்தால் எரியறை இன்னும் சூடாகும், இன்னும் வேகமாக உருகி ஒட்டும். பயத்தில் யாருக்கும் கை விசையைக் கூட்டத்தான் போகும், அதனால் இதைப் பழக்கித்தான் ஆக வேண்டும்.

சரி, மேகத்துக்கு மேலே பறந்து போகலாமே என்கிறீர்கள். சில நேரம் 15,000 அடிக்குள் அடங்கிவிடும் சாம்பலுக்கு மேலே 35,000 அடியில் போக இடம் இருக்கத்தான் செய்யும். ஆனால் அறையின் காற்றழுத்தம் போய்விட்டால் விமானம் 10,000 அடிக்கு இறங்கியாக வேண்டும். ஓர் இஞ்சின் பழுதானாலும் அந்த உயரத்தில் நிற்க முடியாது. கீழே சாம்பல் கிடக்கும்போது அந்த அவசர வழி மூடிக் கிடக்கிறது. அதோடு 2025 ஜூலை 7 அன்று லெவோதோபி எரிமலை கக்கிய சாம்பல் 18 கிலோமீட்டர் உயரம் போனது, அதாவது 59,000 அடி. எந்தப் பயணிகள் விமானமும் அதற்கு மேலே போகாது.

சுற்றிப் போவது உண்டு, தினமும் நடக்கிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து கோலாலம்பூர் வரும் விமானத்துக்குச் சாம்பல் நடுவழியில் இருந்தால் ஒதுங்கிப் போகலாம், கூடுதல் எண்ணெய் ஏற்றினால் போதும். சாம்பல் போய்ச் சேருகிற ஊரின் மேலேயே இருந்தால் எதைச் சுற்றுவது? புளோரஸின் கிழக்கு முனையிலிருக்கும் லெவோதோபி பாலியிலிருந்து 800 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆனால் ஜூலை மாதத்தில் அங்கே காற்று கிழக்கிலிருந்து மேற்காக அடிக்கும், நேராகப் பாலிக்கு.

உங்கள் நண்பர் அனுப்பிய படத்தில் பொய்யில்லை. தரையிலிருந்து பார்ப்பவருக்கு உயரத்தில் மெல்லியதாகப் பரவிய சாம்பல் தெரியாமலே போகலாம். சில நாட்களில் பாலி விமான நிலையமே திறந்திருக்கும். ஓடுபாதை ஓரத்தில் வெள்ளைத் தாளை வைத்துச் சாம்பல் விழுகிறதா என்று பார்க்கிறார்கள், தாள் சுத்தமாக இருந்தால் நிலையம் இயங்கும். ஆனால் தாள் சொல்வது தரையைப் பற்றி மட்டுமே. இறங்கும் பாதையில் 20,000 அடியில் என்ன இருக்கிறது என்று அது சொல்லாது. அதனால் நிலையம் திறந்திருந்தும் ஒரு நிறுவனம் பறக்கும், இன்னொன்று ரத்து செய்யும். ஏஜென்ட் ஏமாற்றுகிறார் என்று கோபப்பட வேண்டாம்.

மேலே இருப்பதைச் சொல்வது டார்வினில் உள்ள எரிமலைச் சாம்பல் ஆலோசனை மையம். ஆஸ்திரேலிய வானிலைத் துறை நடத்துவது. உலகத்தில் இப்படி ஒன்பது மையங்கள் உண்டு, இந்தோனேசியா டார்வின் பொறுப்பில் வருகிறது. செயற்கைக்கோள் படத்தில் சாம்பலைத் தேடி, எந்த உயரம், எந்தத் திசை, அடுத்த 18 மணி நேரத்தில் எங்கே போகும் என்று ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது அறிவிப்பு விடுவார்கள். யார் வேண்டுமானாலும் இணையத்தில் படிக்கலாம். அதில் இப்படி ஒரு துண்டு வரும்:

```
SFC/FL150 MOV W 15KT
```

தரையிலிருந்து 15,000 அடி வரை சாம்பல், மேற்கே 15 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு சுமார் 28 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று பொருள். FL என்பதற்குப் பின் வரும் எண்ணோடு இரண்டு பூஜ்யம் சேர்த்தால் அடி. நேரத்தின் பின்னால் Z இருந்தால் 8 மணி கூட்டிக்கொள்ளுங்கள், மலேசிய நேரம் வரும். இந்த மையத்துக்கும் ஒரு குறை உண்டு: சாம்பலுக்கு மேலே இடிமழை மேகம் திரண்டுவிட்டால் செயற்கைக்கோளுக்குச் சாம்பல் மறைந்துவிடும். அப்போது நிச்சயமாகச் சொல்ல முடியாமல், பாதுகாப்புக்காகப் பெரிய பரப்பையே ஒதுக்கிவிடுவார்கள்.

டிக்கெட் எடுக்கலாமா? தாராளமாக எடுங்கள். பகல் விமானமாகப் பாருங்கள், இரவில் விமானியின் கண்ணுக்குச் சாம்பல் தெரியாது என்பதால் சந்தேகமான நாளில் முதலில் அடிபடுவது இரவு விமானம்தான். எரிமலை புகையத் தொடங்கிவிட்ட பிறகு எடுக்கும் பயணக் காப்புறுதி பெரும்பாலும் அந்த வெடிப்புக்குப் பணம் தராது, அதனால் டிக்கெட்டோடு சேர்த்தே எடுத்துவிடுங்கள். சந்தேகம் வந்தால் அவசரப்பட்டு நீங்களே ரத்து செய்யாதீர்கள். நிறுவனம் ரத்து செய்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம், அல்லது வேறு விமானம் கேட்கலாம். முந்திக்கொண்டால் அந்த உரிமை போய்விடும். கே.எல்.ஐ.ஏ.வுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்ட வேண்டும் உங்களுக்கு, கிளம்பும் முன் நிறுவனத்தின் செயலியில் ஒருமுறை பார்த்துவிட்டு ஏறுங்கள்.

திரும்பும் நாளுக்கும் வேலை தொடங்கும் நாளுக்கும் இடையில் இரண்டு நாள் விட்டுவையுங்கள். 2017 நவம்பரில் ஆகுங் எரிமலையால் பாலி நிலையம் மூடியபோது, பலர் பேருந்தில் பாலியின் மேற்கு முனையில் உள்ள கிலிமானுக் போய், படகில் ஜாவாவின் கேத்தாபாங்குக்குக் கடந்து, சுரபாயாவில் விமானம் ஏறினார்கள். அரை நாளுக்கு மேல் பிடிக்கும் பயணம்.