ஆச்சியின் கணக்கில் விடுபட்ட இரவுச் சோறு

"எனக்கு 68 வயது. அம்பாசமுத்திரம் பக்கம் கிராமம். முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய்தான் வரவு. மாத்திரைக்கு 640, மளிகைக்கு 450, அரசுப் பள்ளியில் ஏழாவது படிக்கும் பேத்திக்கு 110. ஆனி மாதம் பள்ளிச் செலவு கூடிவிட்டதால் ராத்திரி நீராகாரம் மட்டும் குடித்துவிட்டு மாத்திரை போட்டுப் படுக்கிறேன். விடியற்காலையில் வேர்த்துக் கை நடுங்குகிறது. எதைக் குறைக்கலாம்?"

ஆச்சி, முதலில் அந்த நடுக்கத்தைப் பார்ப்போம். நீங்கள் அனுப்பிய சீட்டில் இரவு மாத்திரை, சர்க்கரை நோய்க்கான கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்தது. கிளிமிபிரைடு, வயிற்றில் சோறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் உடம்பை இன்சுலின் சுரக்கவைக்கும். சாப்பாடு குறைந்தால் இரத்தச் சர்க்கரை தாழ்ந்துபோகும். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை. தெளிந்ததும் சோறு சாப்பிடுங்கள். தலைமாட்டில் சர்க்கரை டப்பா இருக்கட்டும், பேத்திக்கும் சொல்லிவையுங்கள். நீங்கள் மயங்கிவிட்டால் அவள் உங்கள் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைக்க வேண்டும். நாளையே மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள். அளவை மாற்ற வேண்டியது அவர்தான். இரவுச் சோற்றை மட்டும் இனி விடவே கூடாது.

மருந்துக்கடையில் முப்பது ஆண்டு நின்றவன் நான். காலண்டர் தாளின் பின்புறம் இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டு வந்து, "பாதி அட்டை மட்டும் கொடு, ராசா" என்று கேட்ட ஆச்சிமார் எத்தனையோ பேர். அவர்களும் குறைத்தது சோற்றைத்தான்.

உங்கள் 640-இல் சர்க்கரைக்கு 210, இரத்த அழுத்தத்துக்கு 150. மீதி 280 சத்து மாத்திரைக்கும் வயிற்று எரிச்சல் மாத்திரைக்கும் போகிறது. முதல் இரண்டு நோய்க்கும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இலவசம். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பதிந்துகொண்டால் வீட்டுக்கே வரும். போகும்போது பழைய அட்டைகளை எல்லாம் எடுத்துச் செல்லுங்கள். அங்கே கொடுப்பது வேறு பெயரில், வேறு நிறத்தில் இருக்கும். புதிது தொடங்கியதும் எந்தப் பழையதை நிறுத்த வேண்டும் என்று கேட்டு, அந்த அட்டையில் கோடு போட்டுவிடுங்கள். இரண்டையும் சேர்த்துப் போட்டுச் சர்க்கரை தாழ்ந்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சத்து மாத்திரை தேவையா என்பதையும் அங்கேயே கேளுங்கள். மெட்ஃபார்மினை நெடுநாள் சாப்பிட்டால் பி12 குறையலாம். அதனால் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இலவச மருந்தால் 360 ரூபாய் மிஞ்சினால் முதல் பங்கு இரவுச் சாப்பாட்டுக்கு. நியாயவிலைக் கடையில் அரிசி இலவசம், துவரம் பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25 ரூபாய். பேத்திக்குப் பாடநூல், நோட்டு, சீருடை, மதிய உணவு எல்லாம் பள்ளியிலேயே உண்டு. அந்த 110-இல் நோட்டு வாங்கிய காசும் இருக்கிறதா என்று அவளிடம் கேட்டுப் பாருங்கள்; இருந்தால், பள்ளி நோட்டு இன்னும் வந்து சேரவில்லையா என்று வகுப்பாசிரியரிடம் விசாரியுங்கள்.