அடுத்த ரிலீஸில் டெஸ்டிங்கை எங்கே குவிப்பது?

கேள்வி: பக் எல்லாம் சில மாட்யூல்களில்தான் குவியும் என்கிறார்கள். பக் அதிகமுள்ள மாட்யூலிலிருந்து குறைவானது வரை வரிசைப்படுத்தும் பரேட்டோ வரைபடம் போட்டு, எதை அதிகம் டெஸ்ட் செய்வது என்று எப்படி முடிவெடுப்பது?

டூப்ளிகேட்டுகளை நீக்கிவிட்டு, பக் எந்தத் திரையில் தெரிந்தது என்பதை விட்டு, எந்த மாட்யூலில் திருத்தினார்கள் என்று எண்ணுங்கள். ஒரு ஷாப்பிங் ஆப்பில் 100 பக் என்று வைத்துக்கொள்வோம். புகார்கள் கார்ட், பில், ரீஃபண்ட் என்று சிதறிக் கிடக்கும். திருத்திய இடத்தைப் பார்த்தால் தள்ளுபடிக் கணக்கில் 55, கூப்பனில் 22. கூடுதல் நேரம் இந்த இரண்டுக்கும்தான். ஆனால் பழைய டெஸ்ட் கேஸ்களையே ஓட்டினால் புதிதாக அதிகம் சிக்காது. இரண்டு கூப்பன் போட்ட ஆர்டரில் ஒரு பொருளை மட்டும் திருப்பி அனுப்புவது மாதிரி எழுதுங்கள். அப்புறம், சரியாக டெஸ்ட் செய்யாத மாட்யூலிலும் பக் குறைவாகத்தான் தெரியும். அதனால் கஸ்டமர் கையில் சிக்கிய பக்குகளுக்குத் தனி பரேட்டோ போடுங்கள். இரண்டிலும் வரிசை மாறினால், நான் கஸ்டமர் பரேட்டோவைத்தான் நம்புவேன்.