மாமாவின் காதும் மைட்டோகாண்டிரியாவும்

கேள்வி: மைட்டோகாண்டிரியாவின் டிஎன்ஏ ஏன் அம்மாவிடமிருந்து மட்டும் வருகிறது? செல்லில் ஒரு உட்கரு இருக்கும்போது அதற்கு மட்டும் எதற்குத் தனியாக டிஎன்ஏவும் ரைபோசோமும்?

எங்கள் வீட்டுக் கதையிலிருந்தே தொடங்குகிறேன். என் அம்மாவின் அண்ணனுக்கு இளவயதில் காசநோய் வந்தது. ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டார்கள். நோய் குணமானது, காது போய்விட்டது. பல வருடங்கள் கழித்து, அம்மாவின் அக்காவான பெரியம்மாவின் மகனுக்கு ஒரு காய்ச்சலுக்காகச் சில நாள் ஜென்டாமைசின் கொடுத்தார்கள். அவனுக்கும் அதே கதி. இந்த வகை மருந்துகள் அளவு மீறினால் யாருடைய காதையும் கெடுக்கும். ஆனால் இவர்களுக்குக் கொடுத்தது வழக்கமான அளவுதான். பின்னாளில் நான் பரிசோதனை செய்துகொண்டபோது, முடிவுத் தாளில் m.1555A>G என்று ஒரு வரி இருந்தது. மைட்டோகாண்டிரியா டிஎன்ஏவின் 1555ஆம் எழுத்து A-விலிருந்து G-ஆக மாறியிருக்கிறது என்று அதற்குப் பொருள். உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் அந்த வரியிலேயே பதில் இருக்கிறது.

மைட்டோகாண்டிரியா ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியா. வேறொரு செல்லுக்குள் குடிபுகுந்து அங்கேயே தங்கிவிட்டது. அதனால் அதன் ரைபோசோம் இன்றும் பாக்டீரியா சாயலில் இருக்கிறது. ஸ்ட்ரெப்டோமைசினும் ஜென்டாமைசினும் பாக்டீரியாவின் ரைபோசோமில் ஒட்டிக்கொண்டு, புரதம் தயாரிக்கும் வேலையைக் கெடுப்பவை. நம் மைட்டோகாண்டிரியா ரைபோசோம் சற்று மாறிப்போயிருப்பதால் பொதுவாகத் தப்பித்துக்கொள்கிறது. அந்த 1555ஆம் எழுத்து இந்த ரைபோசோமின் ஆர்என்ஏவுக்கான மரபணுவில்தான் வருகிறது. அங்கே A இருக்கும்போது அதன் எதிரே மடிந்து நிற்கும் C-யோடு அது ஜோடி சேராது. அது G ஆகிவிட்டால் ஜோடி சேர்ந்துவிடும். ரைபோசோமின் அந்த மூலை மறுபடி பாக்டீரியாவைப் போலவே ஆகி, மருந்துக்கு வசதியான பள்ளம் உருவாகிவிடுகிறது. உட்காதின் மயிரிழைச் செல்கள் மருந்தைத் தேக்கி வைப்பவை, செத்தால் திரும்ப முளைக்காதவை. அதனால் அடி அங்கே விழுகிறது. மருந்தே படாமல் காது மங்கியவர்களும் இந்த மாற்றம் உள்ளவர்களில் உண்டு, கடைசிவரை நன்றாகக் கேட்டவர்களும் உண்டு. உட்கருவின் மரபணுக்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது.

இனி அம்மாவழி. கருமுட்டையில் மைட்டோகாண்டிரியா டிஎன்ஏ லட்சம் பிரதிகளுக்கு மேல் இருக்கும். விந்தணுவின் நடுப்பகுதியில் சில டஜன் மைட்டோகாண்டிரியாக்கள்தான், அவற்றிலும் டிஎன்ஏ மிகச் சொற்பம். அவை முட்டைக்குள் நுழைந்தாலும் யூபிக்விட்டின் என்ற சிறு புரதம் அடையாளக் குறிபோல் ஒட்டப்பட்டு அழிக்கப்படுகின்றன. 2002இல் டென்மார்க்கில் ஒருவருடைய தசையில் அப்பாவழி டிஎன்ஏ கண்டுபிடிக்கப்பட்டது. அது அபூர்வமான விதிவிலக்கு. எங்கள் வீட்டிலும் கணக்கு பிசகவில்லை: பெரியம்மாவின் பிள்ளைகள், என் அக்கா, நான் எல்லோரிடமும் அந்த G உண்டு. மாமாவின் பிள்ளைகளிடம் இல்லை.

எதற்குத் தனி டிஎன்ஏ என்பதுதான் சுவையான பகுதி. மனித மைட்டோகாண்டிரியா டிஎன்ஏவில் 16,569 எழுத்துகள், 37 மரபணுக்கள். அவற்றில் 13 மட்டுமே புரதத்துக்கானவை. மற்ற 24உம் அந்தப் பதின்மூன்றைத் தயாரிக்கத் தேவையான ஆர்என்ஏக்களுக்கானவை. அந்த ரைபோசோமுக்கு வேண்டிய சுமார் எண்பது புரதங்களோ உட்கருவின் கட்டளையில் வெளியே தயாராகி உள்ளே வருகின்றன. பதின்மூன்று இட்லிக்காகத் தனி அடுப்படி! இந்த வீண் செலவு ஏன்?

அந்தப் பதின்மூன்றும் சவ்வுக்குள் புதைந்து, ஆற்றல் தயாரிப்பில் பங்கேற்பவை. பெரும்பாலானவை தண்ணீரோடு ஒட்டவே ஒட்டாதவை. இப்படிப்பட்ட புரதத்தை வெளியே தயாரித்தால், செல்லின் அஞ்சல் முறை அதை வேறொரு சவ்வுக்கு, எண்டோபிளாச வலைக்கு, அனுப்பிவிடும். எனவே சவ்வின் பக்கத்திலேயே சமைப்பது மேல். முழு விளக்கம் இது ஒன்றுதான் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆற்றல் தயாரிப்பை அந்தந்த மைட்டோகாண்டிரியனே உடனுக்குடன் சரிசெய்துகொள்ள மரபணு பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது இன்னொரு தரப்பு. எனக்கு முதலாவது அதிகம் பிடிக்கிறது. காரணம், நம் பாசிப்பயறு.

பாசிப்பயறிலும் தட்டைப்பயறிலும் இந்தப் புரதங்களில் ஒன்றான காக்ஸ்2-இன் மரபணு உட்கருவுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. மைட்டோகாண்டிரியாவில் அது இல்லவே இல்லை. சோயாவிலும் வேலை செய்வது உட்கருவில் உள்ள பிரதிதான். அந்தப் புரதம் சவ்வைக் கடக்கும் முதல் துண்டைப் பார்த்தால், தண்ணீரை விலக்கும் குணம் குறைக்கப்பட்டிருக்கிறது. அப்போதுதான் அது வெளியிலிருந்து உள்ளே நுழைய முடிகிறது.

மனிதனில் இதற்கு இன்னொரு தடையும் உண்டு. மற்ற இடங்களில் 'நிறுத்து' என்று பொருள்படும் UGA என்ற மூன்றெழுத்துக் குறி, நம் மைட்டோகாண்டிரியாவில் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்தைக் குறிக்கும். மரபணுவை அப்படியே தூக்கி உட்கருவில் வைத்தால் புரதம் பாதியில் நின்றுவிடும். தாவரங்களில் இந்த மொழிச் சிக்கல் இல்லை.

அக்காவின் மகள், மகன் இருவருடைய மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்திலும், இந்த வகை ஊசிகளைத் தவிர்க்கவும் என்று சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறோம். என் மகளின் கோப்பில் எழுதவில்லை.