மார்க் குறைவு என்பதை மெயிலில் எங்கே, எப்படிச் சொல்வது

"அக்கா, கணவர் வேலையாக டர்பன் வந்து ஏழு மாதம் ஆகிறது. நான் பி.டெக் கெமிக்கல், சிஜிபிஏ 6.3, நடுவில் மூன்று அரியர் வைத்துப் பிறகு முடித்தேன். நாலு வருடம் சாயக் கழிவுநீர் ஆலையில் வேலை. இங்கே ஆய்வு மாஸ்டர்ஸுக்குப் பேராசிரியருக்கு மெயில் எழுதும்போது மார்க்கைப் பற்றிச் சொல்ல வேண்டுமா, கேட்டால் சொல்லிக்கொள்ளலாமா?"

சொல்லிவிடுங்கள் தங்கச்சி, முதல் மெயிலிலேயே. மார்க் பட்டியலை எப்படியும் இணைக்கத்தான் போகிறீர்கள், அரியர் எழுதிய மாதமும் வருடமும் அதில் இருக்கும். நீங்கள் சொல்லாமல் அவர் கண்ணில் பட்டால் அடுத்த மெயில் பெரும்பாலும் வராது. ஆனால் எந்த இடத்தில், எத்தனை வரியில் சொல்கிறீர்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

முதலில் இந்த ஊர் நடைமுறை. ஆய்வு மாஸ்டர்ஸுக்கு முதலில் உங்களை மாணவராக ஏற்றுக்கொள்ளும் ஒரு பேராசிரியரைப் பிடிக்க வேண்டும், விண்ணப்பம் அதற்குப் பிறகு. அவர் சரி என்று சொன்னாலும் சேர்க்கை அவர் கையில் மட்டும் இல்லை. பல பல்கலைக்கழகங்களில் மாஸ்டர்ஸுக்கு 60 சதவீதத்தை ஒட்டி ஒரு வரம்பு வைத்திருப்பார்கள். அதற்குக் கீழே, அல்லது வரம்பின் விளிம்பில் இருந்தால், பேராசிரியர் உங்களுக்காக 'மோட்டிவேஷன்' என்று ஒரு கடிதம் எழுதி, துறையின் உயர்பட்டக் குழுவிடம் கொடுப்பார். நீங்கள் மெயிலில் எழுதும் அந்த மார்க் பத்தியைத்தான் கொஞ்சம் மாற்றி அவர் அந்தக் கடிதத்தில் வைப்பார். நீங்கள் எழுதுவது அவருக்காக மட்டும் இல்லை, உங்களைப் பார்த்தே இராத நாலைந்து பேருக்கும் சேர்த்துத்தான். அவர்களிடம் 'கடுமையாக உழைப்பேன்' என்ற வரியைக் காட்ட முடியாது. சரிபார்க்கக்கூடிய விஷயத்தைத்தான் காட்ட முடியும்.

நான் முதன்முதலில் எழுதிய மெயிலில் அப்பாவின் அறுவை சிகிச்சை, விடுதி மாறியது, ஒரு ஆசிரியருக்கும் எனக்கும் ஒத்துவராதது என்று ஒரு பத்தி முழுக்க எழுதியிருந்தேன். எல்லாமே உண்மைதான். மூன்று பேருக்கு அனுப்பினேன், மூன்று பேரிடமிருந்தும் பதில் இல்லை. இன்று அதைப் படித்தால் எனக்கே புரிகிறது, என் கஷ்டம் தெரிகிறது, நான் என்ன செய்யத் தெரிந்தவள் என்பது எங்கேயும் தெரியவில்லை. காரணம் சொல்ல வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஒரு வாக்கியம் போதும்.

போன வருடம் திருப்பூரிலிருந்து ஒரு பையனுக்கு இந்தப் பத்தியை உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன், அவன் நிலைமையும் உங்களுடையது மாதிரிதான். சிஜிபிஏ 6.4, நான்காம் செமஸ்டரில் கணக்கிலும் ஐந்தாம் செமஸ்டரில் மாஸ் டிரான்ஸ்ஃபரிலும் அரியர். சாயப்பட்டறைகளின் பொது சுத்திகரிப்பு நிலையத்தில் மூன்று வருடம், அதில் பெரும்பகுதி ஆர்.ஓ. பிரிவில். அவன் முதலில் எழுதி வைத்திருந்தது: 'மார்க் குறைவாக இருந்தாலும் எனக்கு நல்ல தொழில் அனுபவம் இருக்கிறது.' இதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். நான் கேட்டது ஒன்றுதான்: நீ தோற்ற பாடத்தை வேலையில் எங்கே தொட்டாய்?

அதற்கு அவன் சொன்ன பதிலில் எல்லாம் இருந்தது. ஆர்.ஓ.வுக்குப் போகும் தண்ணீரின் எஸ்.டி.ஐ. (நுண்ணிய அழுக்கு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று காட்டும் அளவு) அடிக்கடி 5-ஐத் தாண்டிக்கொண்டிருந்தது, அதனால் சவ்வு அடைத்து ஒன்பது நாளைக்கு ஒருமுறை கழுவ வேண்டியிருந்தது. பட்டறைகளிலிருந்து வரும் சாயம் ஷிஃப்டுக்கு ஷிஃப்டு மாறும், படிகார அளவு மட்டும் மாறாமல் ஒரே அளவில் போய்க்கொண்டிருந்தது. இவன் ஒவ்வொரு ஷிஃப்டின் தொடக்கத்திலும் ஜார் டெஸ்ட் போட்டு அளவை மாற்ற ஆரம்பித்தான். நாலு மாதத்தில் எஸ்.டி.ஐ. 3-க்கும் 4-க்கும் நடுவில் வந்து நின்றது, கழுவும் இடைவெளி பதினாறு நாளானது. சவ்வு வழியாக உப்பும் தண்ணீரும் பிரிவது மாஸ் டிரான்ஸ்ஃபர்தானே!

கணக்குக்கு அப்படி எதுவும் இல்லை. ஆலை வேலையை இழுத்து அதற்குப் பொருத்தப் பார்த்தோம், ஒட்டவில்லை. அவன் வேலையில் இருக்கும்போதே என்பிடெலில் புள்ளியியல் பாடம் ஒன்று முடித்து 78 எடுத்திருந்தான். அதில் 75 மதிப்பெண் நேரில் போய் எழுதும் தேர்வுக்கு என்பதால் அதற்கு மதிப்பு உண்டு, வெறும் வீடியோ பார்த்து வாங்கிய சான்றிதழை இந்த இடத்தில் வைக்காதீர்கள்.

கடைசியில் பத்தி இப்படி வந்தது. மெயில் ஆங்கிலத்தில்தான் போனது, பொருளைத் தமிழில் தருகிறேன்:

'என் சிஜிபிஏ பத்துக்கு 6.4. நான்காம், ஐந்தாம் செமஸ்டர்களில் கணக்கிலும் மாஸ் டிரான்ஸ்ஃபரிலும் தோற்று, அடுத்த முயற்சியில் தேறினேன். அப்போது குடும்பச் செலவுக்காக இரவு ஷிஃப்டில் வேலை பார்த்தேன். கடைசி இரண்டு செமஸ்டர்களின் சராசரி 7.8. பின்னர் ஆலையில் ஜார் டெஸ்ட் மூலம் படிகார அளவை ஷிஃப்டுதோறும் மாற்றி, ஆர்.ஓ. சவ்வு கழுவும் இடைவெளியை ஒன்பதிலிருந்து பதினாறு நாளாக்கினேன். நாலு மாதப் பதிவேட்டின் சுருக்கத்தை இணைத்திருக்கிறேன், ஆலை மேலாளர் இதை உறுதிசெய்வார். 2023-இல் புள்ளியியல் பாடத்தில் 78 பெற்றேன்.'

அவ்வளவுதான். எண் முதலில், காரணம் ஒரே வரி, 'ஆனால்', 'இருந்தாலும்' எதுவும் இல்லை. இதை மெயிலின் மூன்றாவது பத்தியாக வைத்தோம். முதல் பத்தி பேராசிரியரின் ஆய்வில் எந்தக் கேள்வி அவனுக்கு வேண்டும் என்பது, இரண்டாவது அதற்கு அவன் என்ன கொண்டு வருகிறான் என்பது. மார்க்கை முதல் வரியில் வைத்தால் மன்னிப்புக் கடிதம் மாதிரி ஆகிவிடும், கடைசியில் வைத்தால் ஒளித்துவைத்த மாதிரி இருக்கும்.

சிஜிபிஏயை நீங்களே சதவீதமாக மாற்றாதீர்கள், பத்துக்கு இவ்வளவு என்று மட்டும் எழுதுங்கள். இங்கே 50 எடுத்தால் தேர்ச்சி, 75-க்கு மேல் போனால் டிஸ்டிங்ஷன், நம் ஊர் 63 இவர்கள் கண்ணுக்கு வேறு மாதிரி தெரியும். வெளிநாட்டுப் பட்டத்தை மதிப்பிட இங்கே சாக்வா என்ற அமைப்பு இருக்கிறது, அந்தச் சான்றிதழுக்கு நாள் ஆகும், இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். அப்புறம், ஆலைப் பதிவேட்டிலிருந்து எண் கொடுப்பதற்கு முன் பழைய மேலாளரிடம் அனுமதி வாங்குங்கள். பட்டறைப் பெயர் எதுவும் வெளியே போகக் கூடாது.

இதனால் வரம்பு மறைந்துவிடாது. அந்தப் பையனைக் குழு நிபந்தனையோடுதான் எடுத்தது, முதல் அரையாண்டில் கணக்கு சார்ந்த ஹானர்ஸ் பாடம் ஒன்றில் தேற வேண்டும் என்று. வேறு ஒரு துறை அவனை நேரடியாகவே மறுத்தது, முதலில் ஒரு வருட ஹானர்ஸ் படித்துவிட்டு வரச் சொன்னது. உங்களுக்கும் அப்படி ஒரு பதில் வந்தால் அதையும் யோசித்துப் பாருங்கள், இங்கே ஹானர்ஸ் என்பது தனிப் பட்டம், அதில் வாங்கும் மார்க் உங்கள் பழைய பட்டியலுக்கு முன்னால் நிற்கும்.

உங்கள் மூன்று அரியர் எந்தெந்தப் பாடம், ஆலையில் எந்தப் பிரிவில் இருந்தீர்கள் என்று எழுதுங்கள். எந்தப் பாடத்துக்கு எதைக் காட்டலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.