கூரையா, சமையலறையா முதலில்?

"அட்டனில் பழைய வீடு. கையில் 12 இலட்சம். கூரை, சமையலறை, குளியலறை எல்லாம் 11 இலட்சத்தில் முடியும் என்று பாஸ் வாயால் சொல்கிறார். தொடங்கலாமா?"

இப்போது வேண்டாம். எதிர்பாராத செலவுக்கென்று 2 இலட்சத்தைத் தனியே ஒதுக்குங்கள். மீதி 10 இலட்சத்துக்குள் கூரையை மட்டும் முதல் கட்டமாக, மே மாத மழைக்கு முன் முடியுங்கள். ஒழுகும் கூரைக்குக் கீழே புதுச் சமையலறை கட்டினால் பலகையெல்லாம் ஊறிவிடும்.

வாய்க்கணக்கில் பெரும்பாலும் விடுபடுவது சுமை கூலி. எங்கள் வீட்டுக்கு லொறி வராது. மணலை 80 படிக்கட்டுகள் வழியே தலையில் சுமந்தார்கள். அந்தக் கூலி கணக்கிலேயே இருக்கவில்லை. ஆகவே இரண்டு பாஸ்மாரிடம் எழுத்தில் கேளுங்கள்: தகட்டின் தடிப்பும் அளவும், மரம், கூலி, சுமை கூலி, பழைய தகடு கழற்றுவது எல்லாம் தனித்தனி வரியாக. ஒரே தொகையாக எழுதித் தந்தால் ஒப்பிடவே முடியாது.

அதற்கு முன், கைமரம் சுவரில் அமரும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். எளிதாக இறங்கினால் மரம் உளுத்துவிட்டது. மாற்றும் செலவையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும்: பின்பக்க மண்மேட்டிலோ சுவரிலோ புது வெடிப்பு இருந்தால் கூரையையும் நிறுத்திவிட்டு, முதலில் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தாரிடம் காட்டுங்கள்.